கடலிலிருந்து 300 மீட்டர்: அலுமினியமா, யூபிவிசியா, மரமா?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீலாங்கரைப் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு வீடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளமும் ஒரு மாடியும். லிண்டல் மட்டம் வந்தாயிற்று, ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். கிழக்கே கடலைப் பார்த்து மாடியில் இரண்டு படுக்கையறைகள், ஆளுக்கொரு 4 அடிக்கு 4 அடி ஜன்னல். அவற்றில் ஓர் அறையிலிருந்து பால்கனிக்குப் போக 8 அடி அகலத் திறப்பு. வடக்கே சமையலறை. மேற்கே கூடத்தில் 6 அடிக்கு 4 அடியில் ஒரு ஜன்னல். தெற்கே முன்வாசல் திண்ணை, அதைப் பார்த்து ஒரு 4 அடிக்கு 4 அடி ஜன்னல், மேலே நான்கடி ஆழக் கூரை.

ஆசாரி தேக்கு என்பார், கடைக்காரர் யூபிவிசி என்பார், பக்கத்து வீட்டுக்காரர் அலுமினியம் போட்டிருப்பார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. குழப்பத்துக்குக் காரணம், மழை, கரையான், உப்புக்காற்று மூன்றையும் சட்டம் எந்தப் பொருள் என்ற ஒரே கேள்விக்குள் போட்டுக் கேட்பதுதான். மழை உள்ளே வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பொருள் அல்ல. ஜன்னல் எப்படித் திறக்கிறது, சுவரோடு எப்படிச் சேர்கிறது என்ற இரண்டும்தான். கரையானும் உப்பும்தான் பொருளைப் பார்த்து வருகின்றன. அதனால் மழையை முதலில் தனியாகத் தீர்த்துவிடலாம்.

மழை: நகர்த்தும் ஜன்னலும் ஓர் அங்குலத் தண்ணீரும்

சென்னையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அப்போது காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிப்பதால், மழை நேராக இறங்காமல் சாய்ந்து வந்து அந்த இரண்டு சுவர்களில் மோதும். இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது.

பக்கவாட்டில் நகர்த்தும் ஜன்னலின் கீழ்ச்சட்டம் ஒரு வாய்க்கால் மாதிரி. கண்ணாடியில் வழியும் தண்ணீர் அதில் சேர்ந்து, வெளிப்பக்கம் வெட்டியிருக்கும் துளைகள் வழியே வெளியேற வேண்டும். காற்று இல்லாத மழையில் அது ஒழுங்காக நடக்கும். காற்று பலமாக அடிக்கும்போது வெளியே அழுத்தம் கூடி, உள்ளே குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம் வாய்க்காலில் உள்ள தண்ணீரை வெளியே போகவிடாமல் வீட்டுக்குள் தள்ளப் பார்க்கும். எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பதைக் கணக்கிடலாம். காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.613-ஆல் பெருக்கினால் பாஸ்கல் அளவில் அழுத்தம் வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்பது வினாடிக்கு 20 மீட்டர். அப்படியானால் 245 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 9.8 பாஸ்கல் என்பதால், அந்தக் காற்று தண்ணீரை 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் தூக்கிப் பிடிக்கும். கீழ்ச்சட்டத்தின் உள்விளிம்பு ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டி அறைக்குள் விழும். மலிவான அலுமினிய நகர்த்தும் ஜன்னல்கள் பலவற்றில் அந்த விளிம்பு ஓர் அங்குலம்கூட இருக்காது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் வருகிறது. எந்தப் பொருளில் செய்தாலும் சாதாரண நகர்த்தும் ஜன்னல் அதைத் தாங்காது.

கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் நடப்பது நேர்மாறு. கதவு மூடியதும் சுற்றிலும் உள்ள ரப்பர் பட்டை சட்டத்தோடு நசுங்கி ஒட்டுகிறது. இரண்டு மூன்று இடங்களில் பிடிக்கும் பூட்டு அதை இறுக்கி வைக்கிறது. அதனால் வடக்கு, கிழக்குச் சுவர்களில் நகர்த்தும் ஜன்னல் வேண்டாம் என்பதை முதல் முடிவாக எழுதி வைத்துக்கொள்ளலாம். மேற்குச் சுவருக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் வரும் இடிமழை மேற்கிலிருந்துதான் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நாள்கணக்கில் அடிப்பதில்லை.

வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலை நம்மூரில் தவிர்க்க ஒரு நியாயமான காரணம் உண்டு: கொசுவலை. நகர்த்தும் ஜன்னலில் மூன்றாவது தண்டவாளம் வைத்தால் வலைக்கதவு அதில் ஓடிவிடும். வெளியே திறக்கும் ஜன்னலில் வலையை உள்பக்கம் தனிக் கதவாக வைக்க வேண்டும், கிரில்லை இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கிரில் வழியாகக் கையை விட்டுப் பிடியைத் திருப்பும்படி கம்பிகளுக்கு இடையே நான்கரை அங்குலமாவது விடச் சொல்லுங்கள். இதை வரைபடத்திலேயே குறிக்கவில்லையென்றால், எல்லாம் பொருத்திய பிறகு கை நுழையாமல் நிற்பீர்கள்.

இனி சுவரோடு சேரும் இடம். ஒழுகும் ஜன்னல்களில் பலவற்றில் தண்ணீர் சட்டத்தின் வழியே வருவதில்லை, சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியேதான் வருகிறது. ஜன்னலின் கீழ்த்திண்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும், அடிக்கு கால் அங்குலமாவது. அதன் முன்விளிம்பு சுவரைத் தாண்டி ஒன்றரை அங்குலம் நீட்டி நிற்க வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில், தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டிவிடும்படி அரை அங்குலக் கோடு ஒன்று கிழிக்க வேண்டும். கிரானைட் பலகை போட்டால் இந்தக் கோட்டைக் கல் அறுக்கும் இடத்திலேயே போட்டுத் தருவார்கள், கேட்டால் மட்டும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே நுரை நிரப்பி, வெளிப்பக்கம் சிலிக்கான் பூச வேண்டும். இந்த இடைவெளி சோம்பலால் விடுவதல்ல. 6 அடி நீள யூபிவிசி சட்டம், விடிகாலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலுக்கு 30 டிகிரி ஏறும்போது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீளும். யூபிவிசியைச் சிமெண்ட் வைத்து இறுக்கிவிட்டால் அது நீள இடமில்லாமல் வளையும், பூட்டு சேராது. கொத்தனார் நல்லது நினைத்து இடுக்கைச் சிமெண்டால் அடைத்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

சிலிக்கானில் இரண்டு வகை உண்டு. பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை. சிமெண்ட் பூச்சில் நன்றாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையை, வெயில் மழை தாங்கும் வெளிப்புறத் தரத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, கீழ்ச்சட்டத்தின் வாய்க்காலில் துளை போட்டுத் திருகு இறக்க விடாதீர்கள். அந்தத் துளை வழியே தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கி, கீழறையின் மேல்மூலையில் ஈரத் திட்டாகத் தெரியும். திருகுகள் பக்கச் சட்டங்களில் போகட்டும். மூலையிலிருந்து 6 அங்குலத்தில் ஒன்று, பிறகு அதிகபட்சம் 2 அடிக்கு ஒன்று. 4 அடிப் பக்கத்துக்கு மூன்று வரும். குறைத்துக்கொள்ளும் இடமல்ல இது. சென்னைக்குக் காற்றுவேகத் தரக்குறியீடு வைத்திருக்கும் அடிப்படை அளவு வினாடிக்கு 50 மீட்டர். உயரம், சுற்றுப்புறம் போன்ற திருத்தங்களைச் சேர்க்காமல் தோராயமாகப் போட்டாலே, 4 அடிக்கு 4 அடி ஜன்னலின் மேல் 230 கிலோ அழுத்தம் வருகிறது.

கரையான்: மரத்துக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல

அலுமினியத்தையும் யூபிவிசியையும் கரையான் தின்னாது. ஆனால் அவற்றின் பின்னால் வழி கண்டுபிடித்துப் போகும். சட்டத்தைச் சுவரில் பிடிக்க மர ஆப்பு அடித்து அதில் திருகு இறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஆப்புதான் அதற்கு முதல் தீனி. ஆப்பு போனால் திருகு பிடிமானம் இழக்கும். நிரப்பிய நுரையையும் கரையான் தின்னாவிட்டாலும் குடைந்து செல்லும். அதனால் நைலான் பிளக் அல்லது உலோக ஃபாஸ்டனர் மட்டுமே போடச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் போதும், இந்த இரண்டு பொருள்களுக்கும் கரையான் பேச்சு முடிந்தது.

மரத்தில்தான் விஷயம் ஆழமாகப் போகிறது. தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதிச் சரி. தொடாதது வைரம் பாய்ந்த நடுப்பகுதியை. அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியைச் சாதாரண மரம் போலவே தின்றுவிடும். இளம் தோட்டத் தேக்கில் இந்த வெள்ளை அதிகம். சட்டமாக இழைத்து, சாயம் ஏற்றி, பாலிஷ் போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. எனவே மரத்தை அறுத்த நிலையில், இழைப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். விளிம்பில் வெளிறிய பட்டை ஓடினால் அந்தக் கட்டையைத் தள்ளிவிடலாம். வேங்கையும் கோங்கும் வைரப்பகுதியில் நன்றாகத் தாக்குப்பிடிப்பவைதான். கோங்கு கனம், இழைப்பது கஷ்டம் என்று ஆசாரி முகம் சுளிப்பார். வெளிச்சட்டத்துக்கு அது நல்ல மரம்.

கரையான் இரண்டு வழியில் வரும் என்பதைக் கடற்கரையில் வீடு கட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணில் குடியிருப்பது, சுவரோரம் மண்குழாய் கட்டிக்கொண்டு மேலே ஏறும். அந்தக் குழாயைக் கண்ணால் பார்க்கலாம், உடைத்தால் உள்ளே ஓட்டம் தெரியும். அடித்தளம் போடும்போதே மண்ணில் மருந்து இடுவது இதற்காகத்தான். முன்பே கட்டிய வீடானால் தரையும் சுவரும் சேரும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளைகளை ஓரடிக்கு ஒன்றாகப் போட்டு மருந்து செலுத்துவார்கள். இன்னொன்று உலர்மரக் கரையான். அதற்கு மண்ணே வேண்டாம். சிறகு முளைத்துப் பறந்து வந்து, மரத்தின் வெடிப்பிலோ பூச்சு இல்லாத மூட்டிலோ நுழைந்து, மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். மாடி ஜன்னலுக்கும் வரும். மண்ணில் இட்ட மருந்து அதை ஒன்றும் செய்யாது. இதைக் காட்டிக்கொடுப்பது, சட்டத்துக்கு அடியில் கசகசா போலக் குவிந்து கிடக்கும் சிறு சிறு உருண்டைகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் தெரியும். மரத்தூள் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு சட்டம் கூடாகிவிடும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள், வெற்றொலி வரும் இடத்தில்தான் அது இருக்கிறது.

மரச்சட்டம் சுவரோடு தொடும் பின்பக்கம், கண்ணில் படாத இடம் என்பதால் பூச்சில்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஈரமும் கரையானும் நுழைவது அங்கேதான். நிலை வைப்பதற்கு முன்பே பின்பக்கத்துக்கும் கட்டையின் இரு முனைகளுக்கும் மரக்காப்பு மருந்து அடித்து, காய்ந்ததும் இரண்டு கை பிரைமர் கொடுக்க வேண்டும். முனைகளுக்கு மூன்று கை. மரம் தண்ணீரைக் குடிப்பது முனை வழியாகத்தான், பக்கவாட்டில் அவ்வளவு குடிப்பதில்லை.

மழைக்காலத்தில் மர ஜன்னல் பிடித்துக்கொள்கிறதே, அதற்கும் கணக்கு உண்டு. தேக்கு, தன் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடும்போது அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் வீங்கும். இரட்டைக் கதவு ஜன்னலில் கதவுக்கு இரண்டாக நான்கு நிமிர்சட்டங்கள், ஒவ்வொன்றும் 75 மில்லிமீட்டர் அகலம், மொத்தம் 300. கோடைக்கும் கார்த்திகைக்கும் இடையே மர ஈரம் 4 சதவீதம் கூடினால், வீக்கம் இரண்டேகால் மில்லிமீட்டர். ஆசாரி மே மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு அழகாகப் பொருத்தியிருந்தால் நவம்பரில் அது திறக்காது. அப்போது இழைத்துவிட்டால் மறுபடி மே மாதம் இடுக்கு தெரியும். மொத்தம் மூன்றரை மில்லிமீட்டர் விட்டு, கதவுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டு கொடுப்பதே சரி.

உப்புக்காற்று: சட்டம் பிழைக்கும், திருகு சாகும்

உப்பை மரம் பொருட்படுத்துவதில்லை. யூபிவிசியும் அப்படியே. அலுமினியம்தான் நேரடியாகப் பாதிக்கப்படும். ஆனாலும் கடற்கரை வீடுகளில் எது முதலில் போகிறது என்று பார்த்தால், மூன்று வகையிலுமே திருகும் கீலும் உருளையும் கிரில்லும்தான்.

அலுமினியத்தை இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தியது போன்ற பள்ளங்களையும் வெள்ளைப் பொடியையும் உண்டாக்கும். பவுடர் கோட்டிங் செய்த சட்டத்தில் வேறு விதமாகத் தெரியும். வெட்டிய முனையிலிருந்து பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல இழை இழையாக நகரும். கோட்டிங் முடிந்த பிறகு சட்டத்தை அறுக்கிறார்கள், தண்ணீர்த் துளை வெட்டுகிறார்கள், அந்த விளிம்புகளில் வெற்று உலோகம் நிற்கிறது, உப்பு அங்கே தொடங்குகிறது. மூலைகளைச் சேர்க்கும் முன் வெட்டுமுனைகளில் சீலன்ட் பூசுவதும், துளைகளின் விளிம்பில் டச்-அப் அடிப்பதும் பத்து நிமிட வேலை. அதைச் செய்ததா இல்லையா என்பதுதான் ஐந்தாவது ஆண்டில் தெரியும்.

அந்த ஆக்சைடு படலத்தையே மின்சாரம் வைத்துத் தடிப்பாக்குவதுதான் அனோடைசிங். இந்த வீட்டின் தூரத்துக்கு அது 25 மைக்ரான் கேட்க வேண்டும். உள்ளூரில் வழக்கமாகக் கொடுப்பது அதைவிடக் குறைவு, சொல்லாவிட்டால் கிடைக்காது. பவுடர் கோட்டிங் என்றால் 60 முதல் 80 மைக்ரானும், அதைவிட முக்கியமாக, அடியில் ரசாயன முன்கழுவலும் வேண்டும். முன்கழுவலைக் கண்ணால் பார்க்க முடியாது, சோதிக்கலாம். வெட்டி மிஞ்சிய துண்டொன்றை வாங்கி, பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடுகள் கிழித்து, மேலே ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். சதுரங்கள் பெயர்ந்து வந்தால் அந்தக் கோட்டிங் கடற்கரைக்கு ஆகாது.

அலுமினியத்துக்குச் சிமெண்டும் பகை. ஈரச் சிமெண்டின் காரம் அதை அரித்து, துடைத்தாலும் போகாத வெள்ளைக் கறையை விடும். பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் முடியும்வரை பாதுகாப்புத் தாள் சட்டத்தின் மேல் இருக்கட்டும். பித்தளைக் கீலும் அலுமினியமும் சேரக் கூடாது. உப்பீரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும். அதே பித்தளை, மர ஜன்னலுக்கு மிக நல்ல கீல். இரும்புக் கீலைவிட விலை கூடுதல்தான், ஆனால் மாற்றவே வேண்டியிருக்காது.

யூபிவிசியின் பலவீனம் உள்ளே இருக்கிறது. சட்டம் வளையாமலிருக்க அதன் நடுக்குழியில் துத்தநாகம் பூசிய எஃகுக் குழல் செருகப்படுகிறது. தண்ணீர் வடியும் அறையும் எஃகு இருக்கும் அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கிரில்லைச் சட்டத்தின் மேலேயே திருகினால் துளை எஃகுவரை போகும், உப்பீரம் அதைப் பின்தொடரும். சட்டத்தின் அடியில் காவிக்கோடு வழிந்தால் உள்ளே எஃகு துருப்பிடித்துவிட்டது என்று பொருள். வெளியிலிருந்து அதைச் சரிசெய்ய வழியில்லை. எனவே கிரில் எப்போதும் சுவரில், சட்டத்தைத் தொடாமல் தனியாக. எஃகே போடாமல் ஏமாற்றுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு பலமான காந்தம் போதும். சட்டத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள், உள்ளே எஃகு இருக்கும் நீளமெங்கும் இழுக்கும். ஜன்னல் வந்து இறங்கியதும், பொருத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நிறம் வெள்ளையே போதும். கரும்பழுப்பு மரநிறத் தாள் ஒட்டியது வெயிலில் அதிகம் சூடேறும், அதிகம் நீளும்.

காந்தத்தை நம்பக் கூடாத இடமும் உண்டு. காந்தம் ஒட்டவில்லை, எனவே நல்ல துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் காட்டுவார்கள். 202 வகையிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது கடற்காற்றில் சீக்கிரமே காவி பிடிக்கும். 304 வேண்டும். நேரே கடலைப் பார்க்கும் கிழக்குச் சுவருக்கு 316 நல்லது. அறுகோணத் தலையுள்ள போல்ட்டுகளில் முத்திரை இருக்கும்: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. சிறு திருகுகளில் முத்திரை இருக்காது என்பதால் பில்லில் எழுதி வாங்குங்கள். நகர்த்தும் ஜன்னலின் உருளைக்கும் இதே தரம்தான். இரண்டாம் ஆண்டில் கதவை நகர்த்த இரண்டு கை தேவைப்பட்டால், எண்ணெய் போடுவதால் தீராது, உருளையின் தாங்கி துருப்பிடித்திருக்கிறது.

கிரில்லைப் பற்றி ஒன்று. மரச்சட்டத்தில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் செருகும் பழைய முறையில், கம்பி துருப்பிடித்துப் பருத்து, சட்டத்தையே பிளக்கும். நல்ல தேக்கு நிலைகள் கெடுவது பல நேரம் இப்படித்தான். மர ஜன்னலுக்கும் கிரில்லைச் சுவரில் தனியாக வையுங்கள், அல்லது செருகும் கம்பியை 304-இல் போடுங்கள்.

உப்பு அதிகம் தங்குவது மழை நன்றாக நனைக்கும் இடத்தில் அல்ல, மழை எட்டாத இடத்தில். சன்ஷேட் நிழலில் உள்ள மேல்சட்டத்தில் உப்பு படிந்துகொண்டே இருக்கும், கழுவ ஆளில்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்து மேல்சட்டம், கீல், பூட்டு, கிரில் எல்லாவற்றையும் துடையுங்கள். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இந்த வீட்டுக்கு எது எங்கே

கிழக்குப் படுக்கையறைகளின் 4 அடி ஜன்னல்களுக்கும் வடக்குச் சமையலறைக்கும் யூபிவிசி, வெள்ளை, வெளிப்பக்கம் திறக்கும் வகை. உப்பும் கரையானும் தொடாத சட்டம், நசுங்கும் ரப்பர், இரண்டடி அகலக் கதவுகள், பெயின்ட் வேலை இல்லை. இந்தத் தூரத்தில், இந்த அளவுக்கு, இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பதே எங்கள் முடிவு. உரிய குறையையும் சொல்லிவிட வேண்டும். மூலைகள் உருக்கி ஒட்டியவை, ஒரு சட்டம் மட்டும் உடைந்தால் அதைத் தனியே மாற்ற முடியாது.

பால்கனியின் 8 அடித் திறப்புக்கு யூபிவிசி வேண்டாம். அவ்வளவு அகலத்தில் எஃகு போட்டாலும் காற்றில் வளைவு தெரியும். அங்கே 25 மைக்ரான் அனோடைஸ் செய்த, சுவர்த்தடிமன் 2 மில்லிமீட்டர் உள்ள அலுமினியம். அது நகர்த்தும் கதவாகத்தான் இருக்கும், கிழக்குப் பார்த்தும் இருக்கிறது. அதனால் பெருங்காற்றில் தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். பால்கனித் தரையை அறைத்தரையைவிட 3 அங்குலம் தாழ்த்தி, கதவின் வாய்க்காலுக்கு வெளியே வடிகுழாய் வையுங்கள். கட்டும் நிலையிலேயே செய்ய வேண்டியது இது, பிறகு முடியாது.

மேற்குக் கூடத்தின் 6 அடி ஜன்னல், நகர்த்தும் வகையாகவே இருக்கலாம். கொசுவலைக்கும் வசதி. இங்கே அலுமினியம், யூபிவிசி இரண்டும் சரி. விளிம்பு உயரத்தை அளந்து, கூடுதல் உள்ளதை எடுங்கள்.

மரம் வேண்டும் என்ற ஆசை இருந்தால் தெற்குத் திண்ணை ஜன்னல் அதற்கான இடம். நான்கடிக் கூரைக்குள் வெயிலும் மழையும் நேரே படாது. 4 அடிக்கு 4 அடி ஜன்னலுக்கு 4 அங்குலத்துக்கு 3 அங்குல நிலை 16 அடி வேண்டும், அது 1.33 கனஅடி. 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலக் கதவுச் சட்டம் 24 அடி, அது 0.75. இழைப்புச் சேதம் 15 சதவீதம் சேர்த்தால் 2.4 கனஅடி. அதை இன்றைய தேக்கு விலையால் பெருக்கி, ஆசாரிக் கூலி, பித்தளைக் கீல், பெயின்ட் சேர்த்து, அதே அளவு யூபிவிசி விலையோடு வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சுச் செலவையும் சேர்க்க மறக்காதீர்கள். வார்னிஷ் வேண்டாம், வெயில் படும் விளிம்பில் ஓராண்டிலேயே உரியும். எனாமல் பெயின்ட் நிற்கும்.

ஜன்னல்கள் பொருத்தி, சிலிக்கான் காய இரண்டு நாள் விட்டு, கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒருவர் வெளியே குழாயோடும், ஒருவர் உள்ளே டார்ச்சோடும். மேலிருந்து தொடங்கக் கூடாது. மேலே அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. முதலில் கீழ்த்திண்டும் சட்டமும் சேரும் கோட்டில் ஐந்து நிமிடம். உள்ளே ஈரம் இல்லையென்றால் பக்க இடுக்குகளில் கீழிருந்து மேலாக ஐந்து நிமிடம், பிறகு கதவு ரப்பர், கடைசியாக மேல்சட்டம். எந்தக் கட்டத்தில் உள்ளே துளி தெரிகிறதோ, அதற்குச் சற்றுமுன் நனைந்த இடத்தில்தான் ஓட்டை. அங்கே சாக்குக்கட்டியால் குறியிட்டு, பொருத்தியவரை அழைத்துக் காட்டி, பழைய சிலிக்கானை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். பழையதன் மேல் பூசினால் ஒட்டாது.